படிக்கல்

"பெரிய கடையக் கேட்டுச் சொல்லுறன்."

எங்களுடைய கடைகளில் ஒரு காலத்தில் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சல்லியில் செல்வியக்கா சொல்வார், தம்பலகாமத்தில் குகன் சொல்வான், மூதூரில் றிஸ்வான் சொல்வார். சொல்லிவிட்டுப் போனை எடுப்பார்கள். திருகோணமலை மத்திய வீதியில் எங்கள் பெரிய கடையின் மேசையில் அப்பாவின் போன் அடிக்கும். யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தச் சாமானை இறக்குவது, பழுதாகப்போகிற வெங்காயத்தை என்ன விலைக்குத் தள்ளுவது எல்லாவற்றுக்கும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருந்து கணக்கு எழுதுவேன்.

அப்பா பேராசைக்காரர் இல்லை. அவர் அப்படி மாறியதற்குக் காரணம் இருந்தது. முதலில் சல்லிக் கடையைச் சித்தப்பாவிடம்தான் கொடுத்தார். "உன்ர கடை மாதிரிப் பார்" என்று சொல்லி, அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சித்தப்பா நல்ல மனிதர். யார் வந்து கேட்டாலும் கொப்பியில் எழுதிச் சாமானைக் கொடுத்துவிடுவார். இரண்டு வருடத்தில் கொப்பியில் நாலரை லட்சம் நின்றது. அதில் பாதிக்குமேல் பெயர்கூட ஒழுங்காக இல்லை, "சிவப்பு வள்ளக்காரன்", "மாரியம்மன் கோயிலடி மாமி" என்று எழுதியிருந்தார். அதே நாட்களில்தான் ஒரு அம்மா இரண்டு பால்மா பைக்கற்றுகளுடன் பெரிய கடைக்கு வந்து, ஒரே முதலாளியின் இரண்டு கடைகளில் இரண்டு விலை ஏன் என்று சனத்துக்கு முன்னால் கேட்டுவிட்டார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தன் மேசைக்கே கொண்டுவந்தார். ஒரே விலை, ஒரே கொப்பி, கொழும்பிலிருந்து மொத்தமாக ஒரே லொறி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்தடுத்த பாலங்களும் முடிந்த பிறகு மூதூருக்கும் வண்டி நேரே போனது. சீனியும் பருப்பும் நாலு கடைக்கும் சேர்த்து எடுத்ததால் மூட்டைக்கு நல்ல கழிவு கிடைத்தது. அந்தக் கழிவில்தான் நான் படித்தேன், அண்ணன் வெளிநாடு போனான். அப்பாவின் முறை பிழை என்று இன்றைக்கும் நான் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன்.

ஆனால் சின்னச் சின்னச் சாமான்களில் முதலில் வெடிப்புத் தெரிந்தது. சல்லியில் மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும். காசு புழங்காத மாதங்கள் அவை. அப்போது அங்கே விற்பது அரிசி, மா, பருப்பு மட்டும்தான். அப்பாவின் லொறியோ வருடம் முழுக்க ஒரே அளவில் பிஸ்கட்டும் ஷம்பூவும் இறக்கியது. மூதூரில் ஒரு நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தபோது பத்து நோன்பு கழிந்திருந்தது. றிஸ்வான் மூன்று தரம் போன் எடுத்திருந்தார். அப்பாவுக்கு நாலு கடை, இரண்டு காது, என்ன செய்வார்?

இதில் எனக்கு மனதை நெருடிய விஷயம் வேறு. மாகாண சபைக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று பெரிய கடை வாசலில் நின்று மணிக்கணக்காகப் பேசுகிறவர் அப்பா. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் எழுத்தில் இருந்தும் கைக்கு வரவில்லை என்று பேப்பர் வாசிக்கிற எல்லோரிடமும் சொல்வார். 2017இல் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்து, அதற்குப் பிறகு தேர்தலே நடக்காமல் ஆளுநர் கையில் எல்லாம் போனபோது, "எங்கட ஊர் விஷயத்த எங்கட ஊர்ச் சனம் முடிவெடுக்கேலாதாம்" என்று குரல் கம்மிச் சொன்னார். அது அவருடைய மனதிலிருந்து வந்த வார்த்தை. அதைச் சொல்லி முடித்த கையோடு போன் அடிக்கும். ஒரு கிலோ பருப்பு கடனுக்குக் கொடுக்கலாமா என்று செல்வியக்கா கேட்பார்.

2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். தம்பலகாமம் வயல்கள் வெளிறிப்போய் நின்றன. அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தாலும், விதைத்தவனுக்கு அது பிந்திவிட்டது. குகன் வந்து சொன்னான்: "முதலாளி, இந்த மாசி அறுவடை குறையும். இப்பவே கொஞ்ச நெல் வாங்கிக் குத்தி வைப்பம். எனக்குத் தெரிஞ்ச கமக்காரர் இருக்கினம்."

"பாப்பம்" என்றார் அப்பா. கொழும்பு அரிசிக்கு விலை குறைவு என்று அவருடைய கணக்கு சொன்னது. குகனும் காத்திருந்தான். பங்குனியில் டொலர் ஏறியது, அரிசியும் கூடவே ஏறியது.

2022 வைகாசியில் டீசல் இல்லாமல் லொறி நின்றது. அப்பா மேசையில் இருந்தார், போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாமானே இல்லாதபோது அவர் என்ன பதில் சொல்வது? நானும் அப்பாவும் சைக்கிளில் சல்லிக்குப் போனோம். கடை திறந்திருந்தது. உள்ளே அரிசி மூட்டைகள், ஒரு மூலையில் கருவாடு கட்டுக்கட்டாக.

"இது ஆர் தந்தது?" என்று அப்பா கேட்டார்.

செல்வியக்கா எழும்பி நின்றார். "மண்ணெண்ணெய் இல்லாம வள்ளம் போகேல்ல முதலாளி. சனத்திட்டக் காசில்ல. கருவாட்ட வாங்கிக்கொண்டு அரிசி குடுத்தன். அந்தக் கருவாட்டக் குகன் தம்பி தம்பலகாமத்தில அரிசிக்கு மாத்தித் தந்தவர். உங்களக் கேக்கேல்ல. பிழை எண்டா என்ர சம்பளத்தில கழிச்சுக்கொள்ளுங்க."

"எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம்தானே?"

"எடுத்திருந்தா நீங்க 'பாப்பம்' எண்டிருப்பீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "கொழும்பில இருந்துகொண்டு ஒரு கையெழுத்தில உரத்த நிப்பாட்டிப்போட்டினம், வயலக் கண்ணால பாக்கேல்ல எண்டு நீங்கதானே கோவப்பட்டீங்க. கடைசியா எப்ப முதலாளி நீங்க சல்லிக்கு வந்தீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. கருவாட்டுக் கட்டொன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். திரும்பி வரும் வழியில் சாம்பல்தீவுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பதினொரு மாசம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த கிழமையே மூன்று பேரையும் கூப்பிட்டு, இனி அவரவர் கடையை அவரவர் பாருங்கள் என்று விட்டுவிட்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. குகன் தனியாகப் பருப்பு வாங்கப் போனான், கழிவு கிடைக்கவில்லை, மூட்டைக்கு மூட்டை நட்டம். றிஸ்வான் சீனியைப் பத்து ரூபாய் குறைத்து விற்றார், உடனே பெரிய கடை வாடிக்கையாளர்கள் எங்களுடன் சண்டைக்கு வந்தார்கள். ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் பாய்ந்தது. சல்லியில் கடன் கொப்பி மறுபடியும் வீங்கியது. சித்தப்பாவின் நாலரை லட்சம் அப்பாவின் கண்முன் வந்து நின்றிருக்கும். எனக்கும் வந்தது. திருப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன்.

அப்பா எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கடையைப் பூட்டிவிட்டு நாலு பேரும் மூட்டைகளில் உட்கார்ந்து பேசினார்கள். காலையில் தொடங்கி மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம். அன்று பேசியதை நான் எழுதினேன், அந்தத் தாள் இன்றும் லாச்சிக்குள் கிடக்கிறது. கொழும்புச் சாமான் சேர்த்தே வாங்குவது, ஆனால் எத்தனை மூட்டை வேண்டும் என்பதை அந்தந்தக் கடை சொல்வது. சீனி, பருப்பு, மா, பால்மா நாலுக்கும் எங்கும் ஒரே விலை, மற்றவை அவரவர் விருப்பம். அரிசியும் மரக்கறியும் அந்தந்த ஊரிலேயே எடுப்பது. நீண்ட வாக்குவாதம் கடனில்தான் வந்தது. கடைசியில் றிஸ்வான் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்: லாபத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பங்கு, கடன் கொடுப்பது கடைக்காரர் முடிவு, திரும்பாத கடன் அந்தப் பங்கில் கழியும். சித்தப்பாவுக்குக் கடன் கொடுக்கிற உரிமை இருந்தது, அதன் பாரம் இருக்கவில்லை. அந்த ஓட்டையை அப்பா இவ்வளவு வருடமும் காணவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு விஷயத்தை மட்டும் அப்பா கைவிடவில்லை. "தராசு என்ர பொறுப்பு. அதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது." மாதத்தில் முதல் ஞாயிறு ஒரு கிலோப் படிக்கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூன்று ஊருக்கும் போவார்.

போன மாசி மாதம் சல்லியில் படிக்கல்லைத் தராசில் வைத்தார். 980 காட்டியது. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் இருபது கிராம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு கிழமை இருக்கும்" என்றார் செல்வியக்கா. "அரிசி மூட்டைக் கணக்கு இடிச்சுது, அப்பவே தெரிஞ்சது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"தராசில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டு நீங்கதானே முதலாளி சொன்னீங்க."

அப்பா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வள்ளமொன்றைக் கரைக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. படிக்கல்லைத் துணியில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு செல்வியக்காவின் கையில் கொடுத்தார்.

"வாற ஞாயிறு நீங்க மூதூருக்குப் போங்க. அங்கத்தையத் தராசப் பாருங்க. பிழையெண்டா அங்கயே திருத்தக் குடுங்க, என்னக் கேக்க வேணாம்."

"அப்ப எங்கட தராச ஆர் பாக்கிறது?"

"குகன் வந்து பாக்கட்டும். குகன்ட தராச றிஸ்வான் பாக்கட்டும். அவரவர் தராச அவரவர் பாக்கக்கூடாது."

செல்வியக்கா கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அப்ப பெரிய கடைத் தராச?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கல் சல்லியிலிருந்து மூதூருக்கும், அங்கிருந்து தம்பலகாமத்துக்கும் போனது. பங்குனியில் ஒரு காலை, கடையில் சனம் நிற்கும் நேரம், றிஸ்வான் அதைத் துணியோடு கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். அப்பா கதிரையை விட்டு எழும்பி வழி விட்டார். சீனி வாங்க நின்ற பெரியவரிடம், "கொஞ்சம் பொறுங்க ஐயா, தராசு பாக்கினம்" என்றார். றிஸ்வான் கல்லைத் தட்டில் வைத்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து இலக்கத்தை எட்டிப் பார்த்தார்.