கைக்கு எவ்வளவு, கட்ட எவ்வளவு: நம் கடன் ஆப்புக்கான பிராண்ட் திட்டம்

திருப்பூர், பல்லடம், ஈரோடு மூன்று ஊரிலும் சின்னக் கடன் வாங்குகிறவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "வட்டி எத்தனைன்னு நான் கேக்கலீங்க, கடைசீல எவ்வளவு கட்டோணும், அதைச் சொல்லுங்க போதும்."

அவர் தண்டலில் வாங்குகிறார். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுக்கிறார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பயங்கரமான வட்டி, அவருக்கும் அது தெரியும். ஆனால் முதல் நாள் சொன்ன 100 நூறாவது நாளிலும் அதே 100 தான். ஆப்பில் அப்படி இல்லை, எங்கே என்ன பிடிப்பார்கள் என்று தெரியாது என்கிறார். மக்கள் பயப்படுவது அதிக வட்டிக்கு இல்லை, பின்னால் மாறும் தொகைக்கு. நம் பிராண்ட் இந்த ஒரு பயத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், வேறு எதையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

முதலில் நம் வீட்டைச் சரி செய்வோம். இப்போது 10,000 ரூபாய் கடனுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்று விளம்பரத்தில் போடுகிறோம். பிராசஸிங் ஃபீ 200, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36, இரண்டையும் பிடித்தபின் அக்கவுண்டில் விழுவது 9,764. மாதம் 1,785 வீதம் ஆறு தவணை. பிடித்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஏபிஆர் என்கிற உண்மையான ஆண்டுச் செலவு 32 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதாவது நாமே போடும் 24 உண்மையில் 24 இல்லை. அந்த 236 ரூபாய்தான் நம் பெயரைக் கெடுக்கிறது.

அதனால் ஃபீயை எடுத்துவிடுவோம், வட்டி 32 சதவீதம் என்றே சொல்வோம். கைக்கு 10,000 முழுசாக, மாதம் 1,826, ஆறு மாதத்தில் மொத்தம் 10,956. வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு ஏறக்குறைய அதேதான், மறைவாக எதுவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 24 என்று போடும் ஆப்புக்குப் பக்கத்தில் நம் 32 பெரிதாகத் தெரியும், சீக்கிரம் அடைப்பவர்களிடம் நமக்கு வருமானமும் குறையும். இரண்டையும் தெரிந்தே ஏற்றுக்கொள்வோம்.

அடையாளம் என்று பார்த்தால் தராசு, கைகுலுக்கல் எல்லாம் வேண்டாம். தண்டல்காரர் கொடுக்கும் அட்டை எல்லோருக்கும் பழகியது, கட்டக் கட்டக் கட்டத்தில் டிக் விழும். அதுவே நம் முகமாக இருக்கட்டும். ஆப் திறந்ததும் அட்டை, மேலே இரண்டே எண்கள்: கைக்கு 10,000, கட்ட 10,956. கீழே ஆறு கட்டம், தேதியோடு. தவணை தவறினால் மூன்று நாள் பொறுப்போம், அதற்கப்புறம் 50 ரூபாய், அந்த 50-க்கு வட்டி கிடையாது என்பதும் அதே அட்டையில், அதே எழுத்து அளவில். வாட்ஸப்பில் அனுப்பி வீட்டில் காட்டக்கூடிய மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் கடன் முடிவு பெரும்பாலும் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து எடுப்பது.

நட்சத்திரக்குறி எங்கேயும் வரக்கூடாது. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது', 'வெறும்', 'முதல்' (1.5 சதவீதம் முதல் என்கிற மாதிரி) இந்த வார்த்தைகளும் வேண்டாம். நேராகப் பேசுங்கள், மரியாதையாக 'ங்க' போட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று, சட்டம் சொல்வதைச் சாதனையாகக் காட்டாதீர்கள். அத்தியாவசிய விவரச் சீட்டு தர வேண்டும், அதில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் பிடிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024-லேயே சொல்லிவிட்டது. போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக்கூடாது என்பதும் விதிதான். அதைச் செய்வது நம் கடமை. நம்முடையது என்று சொல்லிக்கொள்ள விதிக்கு மேலே ஏதாவது செய்திருக்க வேண்டும்: வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க விதி கேட்பது குறைந்தது ஒரு நாள், நாம் மூன்று நாள் தருவோம், அந்த மூன்று நாளுக்கு வட்டியும் வாங்க மாட்டோம். தவறாக ஒரு ரூபாய் பிடித்தாலும் அன்றைக்கே திருப்பிப் போட்டு, ஏன் என்று அட்டையில் எழுதுவோம்.

விளம்பரம் வெளியே போகும் முன் கடைசிக் கையெழுத்து மார்க்கெட்டிங்குடையது இல்லை, கஸ்டமர் கேரில் போன் எடுப்பவருடையது. "ஏங்க கூடப் பிடிச்சீங்க" என்ற கேள்வி அவருக்குத்தான் வருகிறது. வாரா வாரம் அந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று அவர் எழுதித் தரட்டும், டவுன்லோட் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதல் மூன்று மாதம் திருப்பூரில் மட்டும்.