எடை வாரியான மருந்தளவுக் கணக்குத் தாள்: குழந்தைகள் வார்டு, இரு செவிலியர் தனித்தனிச் சரிபார்ப்பு

நாள்: 12.08.2025, இரவு ஷிஃப்ட்
படுக்கை எண் 7, உள்நோயாளி எண் 20417
பெண் குழந்தை, 15 மாதம். கடுமையான நிமோனியா.
ஒவ்வாமை: இதுவரை எதுவும் இல்லை. தாயிடம் நேரில் கேட்கப்பட்டது. பென்சிலின் வகை மருந்து முன்பு கொடுத்தபோது தடிப்போ வீக்கமோ வரவில்லை.

எடை

கிலோவில் மட்டும் எழுதுங்கள். தாய் சொன்ன எடை, புறநோயாளிச் சீட்டில் இருந்த எடை, பார்வையில் ஊகித்த எடை எதுவும் இந்தக் கட்டத்துக்குள் வரக் கூடாது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குழந்தையின் உடுப்பையும் ஈர நாப்கினையும் கழற்றிவிட்டு எடை போடுங்கள். கேனுலா போட்ட கையில் அட்டை கட்டியிருந்தால் அதன் எடையைக் கழியுங்கள்.

முதல் அளவீடு 9.6 கிலோ. இரண்டாம் அளவீடு 9.6 கிலோ. இரவு 9.20 மணி.

புறநோயாளிச் சீட்டில் 6.9 என்று இருக்கிறது. எண்கள் இடம் மாறியிருக்கின்றன. தடுப்பூசி அட்டையில் 9 மாதத்தில் 8.2 கிலோ, அதிலிருந்து ஆறு மாதத்தில் 9.6 என்பது பொருந்துகிறது, 6.9 பொருந்தாது. சீட்டில் உள்ள எண் அடிக்கப்பட்டு, டியூட்டி மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது.

மருத்துவர் ஆணை (கேஸ் ஷீட்டில் உள்ளபடி)

ஆம்பிசிலின், ஒரு வேளைக்கு 50 மி.கி./கிலோ, சிரைவழி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை.
ஜென்டாமைசின், 7.5 மி.கி./கிலோ, சிரைவழி, நாளுக்கு ஒருமுறை.
பாராசிட்டமால், ஒரு வேளைக்கு 15 மி.கி./கிலோ, வாய்வழி, காய்ச்சல் இருந்தால் மட்டும். 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் இல்லை.

"ஒரு வேளைக்கு" என்ற சொல் ஆணையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கணக்கைத் தொடங்காதீர்கள். ஆம்பிசிலின் 50 மி.கி./கிலோ என்பதை ஒரு நாளைக்கான அளவாகப் படித்து நான்காகப் பிரித்தால் இந்தக் குழந்தைக்கு 120 மி.கி. வரும், தேவையானதில் கால் பங்கு. எந்த எச்சரிக்கையும் எழுப்பாமல் நிமோனியா முற்றும். அதனால்தான் இந்தப் பிழையை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன்.

பகுதி அ: முதல் செவிலியர்

(தாளை நடுக்கோட்டில் மடித்துக்கொண்டு எழுதுங்கள்.)

```
தேவையான மி.கி. = எடை × ஒரு கிலோவுக்கான அளவு
எடுக்கவேண்டிய மி.லி. = தேவையான மி.கி. ÷ 1 மி.லி.யில் உள்ள மி.கி.
```

ஆம்பிசிலின்: 9.6 × 50 = 480 மி.கி. வயல் 500 மி.கி. 2.1 மி.லி. ஊசி நீர் சேர்த்தால் மொத்தம் 2.5 மி.லி.; 1 மி.லி.யில் 200 மி.கி. 480 ÷ 200 = 2.4 மி.லி.

ஜென்டாமைசின்: 9.6 × 7.5 = 72 மி.கி. ஆம்பூல் 2 மி.லி.யில் 80 மி.கி.; 1 மி.லி.யில் 40 மி.கி. 72 ÷ 40 = 1.8 மி.லி.

பாராசிட்டமால்: 9.6 × 15 = 144 மி.கி. 1 மி.லி.யில் 100 மி.கி. 144 ÷ 100 = 1.44 மி.லி.

முடித்த நேரம் 9.35. கையொப்பம் இடப்பட்டது.

பகுதி ஆ: இரண்டாம் செவிலியர்

இந்தப் பகுதியை எழுதுபவர் பகுதி அ-வைப் பார்க்கக் கூடாது. முதல் செவிலியர் பக்கத்தில் நின்று "இரண்டு புள்ளி நான்கு வருகிறது, சரியா சிஸ்டர்?" என்று கேட்கவும் கூடாது. விடையைக் கேட்டுவிட்ட மனம் அதே விடைக்குத்தான் வழி தேடும். அப்போது இரண்டு கையொப்பங்கள் இருந்தாலும் நடந்தது ஒரு சரிபார்ப்புதான். தராசில் போட்ட எடையையும் கேஸ் ஷீட்டில் உள்ள ஆணையையும் நீங்களே படியுங்கள். மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்து அதன் லேபிளிலிருந்து அடர்வை எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

வார்டில் நெருக்கடி இருந்தால் காத்திருங்கள். இரவு ஷிஃப்டில் இரண்டாவது ஆள் இல்லையென்றால் பக்கத்து வார்டு ஸ்டாஃப் நர்ஸையோ டியூட்டி மருத்துவரையோ அழையுங்கள். ஒரே ஆள் இரண்டு பகுதியையும் நிரப்புவதை இந்த வார்டில் ஏற்க முடியாது.

ஆம்பிசிலின்: 480 மி.கி., 2.4 மி.லி.
ஜென்டாமைசின்: 72 மி.கி., 1.8 மி.லி. ஆம்பூல் லேபிள் 80 மி.கி./2 மி.லி. என்று படித்துப் பார்க்கப்பட்டது. (20 மி.கி./2 மி.லி. ஆம்பூலும் உண்டு, அதில் 7.2 மி.லி. வரும்.)
பாராசிட்டமால்: 144 மி.கி. சிரப் லேபிள் 5 மி.லி.யில் 120 மி.கி.; 1 மி.லி.யில் 24 மி.கி. 144 ÷ 24 = 6 மி.லி.

முடித்த நேரம் 9.50. கையொப்பம் இடப்பட்டது.

ஒப்பிடுதல்

மடிப்பைப் பிரித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். மி.கி., மி.லி., மருந்து வடிவம், வழி, நேரம் ஐந்தும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த மருந்தை நிறுத்திவையுங்கள். மூத்தவர் சொன்னதால் இளையவர் தன் எண்ணை மாற்றக் கூடாது; ஆணையிலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும்.

ஆம்பிசிலின்: பொருந்துகிறது.
ஜென்டாமைசின்: பொருந்துகிறது.
பாராசிட்டமால்: மி.கி. பொருந்துகிறது, மி.லி. பொருந்தவில்லை. 1.44, 6. நிறுத்தப்பட்டது.

காரணம்: இருவர் கணக்கிலும் பிழை இல்லை, பாட்டில்தான் வேறு. முதல் செவிலியர் எடுத்தது சொட்டு மருந்து, 1 மி.லி.யில் 100 மி.கி. இரண்டாம் செவிலியர் எடுத்தது சிரப். இரண்டும் ஒரே அலமாரித் தட்டில் அருகருகே இருந்தன. ஒருவர் கணக்கில் மற்றவர் பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தால், 6 மி.லி. சொட்டு மருந்து 600 மி.கி. ஆகும்; தேவையானதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஒரு நாளின் நான்கு வேளைக்கும் சேர்த்து இந்தக் குழந்தைக்கு அனுமதி 576 மி.கி.தான்.

தீர்வு: சிரப் மட்டும் பயன்படுத்தப்படும். சொட்டு மருந்து பாட்டில் வேறு தட்டுக்கு மாற்றப்பட்டது. இருவரும் மறுபடி தனித்தனியாகக் கணக்கிட்டனர்: 6 மி.லி., 6 மி.லி. பொருந்துகிறது. இரவு 10.00.

அளவு நம்பும்படி இருக்கிறதா?

பெரியவர்களுக்கான வேளை அளவைத் தாண்டவில்லை. ஆம்பிசிலின் ஒரு வயல், ஜென்டாமைசின் ஒரு ஆம்பூல் போதும். ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஆம்பூல் உடைக்க வேண்டியிருந்தால், புள்ளி இடம் மாறியிருக்கலாம், கையை நிறுத்துங்கள். 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 வேண்டாம். 5 என்று எழுதுங்கள், 5.0 வேண்டாம். மைக்ரோகிராமை முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

கொடுத்தல்

ஆம்பிசிலின் தூளுக்கும் இடம் வேண்டும், 2.5 மி.லி. நீர் ஊற்றினால் மொத்தம் 2.9 ஆகி, 2.4 மி.லி.யில் ஏறக்குறைய 414 மி.கி.தான் போகும். 2.1 மி.லி. நீரையே சேர்க்கவும். எடுத்த 2.4 மி.லி.யைச் சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கி, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்தவும். வேகமாகச் செலுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

ஆம்பிசிலினையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சிலோ டிரிப்பிலோ கலக்கக் கூடாது, ஜென்டாமைசின் செயலிழக்கும். இடையில் சலைன் விட்டுக் கேனுலாவைக் கழுவவும். ஜென்டாமைசின் 1.8 மி.லி. + சலைன், மொத்தம் 20 மி.லி., 30 நிமிடம். சிறுநீர் போகிறது, கடைசியாக இரவு 8.45.

பாராசிட்டமாலைக் குலுக்கி, வாய்வழிக்கான சிரிஞ்சில் மட்டும் எடுக்கவும். ஊசி போடும் சிரிஞ்சில் சிரப் ஏற்றக் கூடாது.

படுக்கையருகே இருவரும் சேர்ந்து கைப்பட்டையைப் படித்தனர்; எண் 20417. தாயிடம் குழந்தையின் பெயர் கேட்டு உறுதி செய்யப்பட்டது.

ஆம்பிசிலின் 10.10. ஜென்டாமைசின் 10.20 முதல் 10.50 வரை. வெப்பநிலை 39.1 செல்சியஸ், பாராசிட்டமால் 10.55.

அடுத்த ஷிஃப்டுக்கு

ஆம்பிசிலின் அதிகாலை 4, காலை 10, மாலை 4. ஜென்டாமைசின் நாளை இரவு 10.20-க்கு முன் இல்லை. பாராசிட்டமால் காலை 4.55-க்கு முன் இல்லை. எடை 13.08.2025 இரவு மீண்டும் போடவும். மாறினால் புதிய தாள் எடுத்து, இரண்டு பகுதியையும் முதலிலிருந்து எழுதவும்.