31-3-2025 நிலுவை உறுதிக் கடிதமும் உங்கள் லெட்ஜருடன் உள்ள வித்தியாசத்துக்கான விவரமும்

திருநெல்வேலி
19-4-2025

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
ஹார்டுவேர்ஸ் மற்றும் பைப் கடை,
சங்கரன்கோவில்.

பொருள்: 31-3-2025 அன்று எங்கள் கணக்கில் உங்கள் பாக்கி

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 31-3-2025 அன்று எங்கள் கணக்குப்படி நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.4,44,190. ஏப்ரலில் வந்த வரவையெல்லாம் கழித்தால் இன்றைய தேதிக்கு ரூ.3,82,508. ஏப்ரல் 7 அன்று நாங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் ரூ.4,82,640 என்று இருந்தது. அது தவறு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் உங்கள் கடைத் தம்பியிடம் கொடுத்துவிட்ட லெட்ஜரில் உங்கள் தொகை ரூ.2,94,430 என்று இருந்தது. நாங்கள் அனுப்பியதற்கும் அதற்கும் ரூ.1,88,210 வித்தியாசம். இவ்வளவு பெரிய தொகை இடித்தால் யாருக்கும் சந்தேகம் வரும், வர வேண்டியதுதான். அதனால் இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 2024 ஏப்ரல் முதல் வரிக்கு வரி பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். டிசம்பர் வரை ஒரு ரூபாய் பிசகவில்லை. எல்லா வித்தியாசமும் கடைசி மூன்று மாதத்தில்தான் இருக்கிறது.

அதில் எங்கள் தவறை முதலில் எழுதுகிறேன். பிப்ரவரி 18 அன்று நீங்கள் நெஃப்டில் அனுப்பிய ரூ.35,000 எங்கள் வங்கிக்கு அன்றே வந்துவிட்டது. உங்கள் கடைப் பெயரிலேயே அம்பாசமுத்திரத்திலும் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. டேலியில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து நிற்கும். வவுச்சர் போடும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காமல் அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். உங்கள் லெட்ஜரில் இருந்த யுடிஆர் நம்பரை எங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் தேடிப் பார்த்த பிறகுதான் அது உங்கள் பணம் என்று தெரிந்தது. இப்போது அதே பிப்ரவரி 18 தேதியில் உங்கள் கணக்கில் வரவு ஏறிவிட்டது. இரண்டு கடைகளின் பெயருக்குப் பின்னாலும் டேலியில் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டோம், இனி மாறாது.

இந்தத் தவறால் ஏப்ரல் 10 அன்று எங்கள் வசூல் தம்பி உங்களுக்குப் போன் செய்து, பிப்ரவரி பாக்கி முப்பத்தைந்தாயிரம் இன்னும் வரவில்லையே என்று கேட்டுவிட்டார். கடையில் ஆட்கள் நிற்கிற நேரத்தில் அந்தப் பேச்சு வந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர் நான் கொடுத்த தாளை வைத்துக் கேட்டார், அவர்மேல் பிழையில்லை. கொடுத்த பணத்தையே திரும்பக் கேட்டால் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாளி சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ஜனவரி 11 தேதியிட்ட ரூ.1,18,000 பில். பதினைந்து நாளுக்குள் பணம் வந்தால் 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி என்பது நம் ஏற்பாடு. நீங்கள் ஜனவரி 30-ல் பணம் அனுப்பி, தள்ளுபடியாக ரூ.2,360 கழித்திருக்கிறீர்கள். பில் தேதியிலிருந்து எண்ணினால் பத்தொன்பது நாள் ஆகிறது என்று நாங்கள் அதை ஏற்காமல் வைத்திருந்தோம். ஆனால் பொங்கலுக்கு லாரி ஷெட் மூடிக் கிடந்ததால் சரக்கு உங்கள் கடைக்கு வந்ததே 17-ம் தேதிதான். அங்கிருந்து எண்ணினால் பதின்மூன்று நாள். எல்ஆரைக் காட்டி முதலாளியிடம் சொன்னேன், சரி கொடுத்துவிடு என்றார். ஒரே ஒரு சின்ன விஷயம்: தள்ளுபடி சரக்கு விலைக்குத்தான், ஜிஎஸ்டிக்குக் கிடையாது. சரக்கு விலை ஒரு லட்சம், அதில் 2 சதவீதம் ரூ.2,000. அதற்கு மார்ச் 31 தேதியில், ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட் போட்டிருக்கிறோம். வரியில் நாங்கள் எதுவும் குறைக்காததால், நீங்களும் இன்புட் எதையும் திருப்ப வேண்டியதில்லை. மீதி ரூ.360-ஐ மட்டும் உங்கள் பக்கம் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் எங்களுக்காக நீங்கள் கொடுத்த லாரி வாடகை ரூ.1,450-க்கு ரசீது கிடைத்தது. அதையும் ஏற்று வரவு வைத்தாயிற்று.

ஆக, எங்கள் பக்கம் திருத்த வேண்டியது 35,000, 2,000, 1,450, மொத்தம் ரூ.38,450. அதைக் கழித்த பிறகு நிற்பதுதான் மேலே சொன்ன ரூ.4,44,190.

இதற்கும் உங்கள் தொகைக்கும் இன்னும் ரூ.1,49,760 இடிக்கும். அதில் பெரும்பகுதி யாருடைய தவறும் இல்லை, நாள் முன்பின் ஆனதுதான். மார்ச் 29 சனிக்கிழமை பிவிசி பைப்பும் ஃபிட்டிங்ஸும் ரூ.87,320-க்கு பில் போட்டு சாயங்காலம் லாரி ஷெட்டில் ஏற்றினோம். மறுநாள் ஞாயிறு, திங்கள் ரம்ஜான். நீங்கள் சரக்கை எடுத்தது ஏப்ரல் 2 புதன்கிழமை, கொள்முதல் எழுதியதும் அன்றுதான். எங்கள் புத்தகத்தில் அது மார்ச் விற்பனை, உங்கள் புத்தகத்தில் ஏப்ரல் கொள்முதல். உங்கள் ஆடிட்டரிடம் இதை வழியில் இருந்த சரக்கு என்று சொன்னால் போதும். மார்ச் மாத ஜிஎஸ்டிஆர் 2பி-யில் இந்த பில் தெரியும். ஆனாலும் சரக்கு கைக்கு வந்த பிறகுதான் இன்புட் எடுக்க முடியும் என்பதால், அந்த ரூ.13,320 வரியை ஏப்ரல் ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரூ.50,000 காசோலையும் இதே கதைதான். 29-ம் தேதி எழுதி கூரியரில் போட்ட அன்றே நீங்கள் கணக்கில் கழித்துவிட்டீர்கள். எங்கள் கைக்கு அது ஏப்ரல் 2-ல் வந்தது. முதல் நாளே வந்திருந்தாலும் ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள், போட்டிருக்க முடியாது. 2-ம் தேதியே வங்கியில் கட்டி வரவு வைத்துவிட்டோம்.

திரும்ப அனுப்பிய பித்தளை டேப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரை சரியில்லை என்று 40 டேப் அனுப்பியதாக மார்ச் 20-ல் ரூ.12,980-க்கு டெபிட் நோட் போட்டிருக்கிறீர்கள். பெட்டி 24-ம் தேதி எங்கள் குடோனுக்கு வந்தது. கம்பெனி ஆள் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும் என்பதால் ஏப்ரல் 4 வரை ஒட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அன்று பிரிக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஆறு சின்ன அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் ஆறு, மொத்தம் 36 டேப். எல்லாவற்றிலும் நீங்கள் சொன்ன அதே குறைதான், இரண்டு சுற்றுக்கு மேல் மரை ஏறவில்லை. கம்பெனி ஆளும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் நான்கு டேப்பைக் காணோம்.

பெட்டி வழியில் பிரிக்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை, எல்ஆரிலும் ஒரே உருப்படிதான் எழுதியிருக்கிறது. ஆறு ஆறாக அடுக்கினால் அந்தப் பெட்டி 36-லேயே நிறைந்துவிடும். மீதி நான்கையும் தனியாகக் கட்டிவைத்து, அனுப்பும்போது விட்டுப்போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் குறைத்து அனுப்பினீர்கள் என்று சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பியை ஒருதரம் பழைய சரக்கு வைக்கும் இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அடுத்த லோடு வரும் வண்டியிலேயே கொடுத்துவிடலாம், வந்த அன்றே வரவு வைத்துவிடுவோம். இல்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், லாரி ஷெட்டில் நான் விசாரிக்கிறேன்.

36 டேப்புக்கு ஏப்ரல் 5 தேதியில் ரூ.11,682-க்கு கிரெடிட் நோட் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். விலை ரூ.9,900, ஜிஎஸ்டி ரூ.1,782. சரக்குத் திரும்பினால் வரியைக் குறைப்பதற்கு விற்றவர் போடும் கிரெடிட் நோட்டுதான் செல்லும். உங்கள் டெபிட் நோட் உங்கள் கணக்குக்கு மட்டும். அதனால் ரூ.1,782 இன்புட்டை இந்த கிரெடிட் நோட்டை வைத்து ஏப்ரல் ரிட்டர்னில் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, உங்களுக்குச் சாதகமான ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தும் சரியாக 900 ரூபாய் இடித்துக்கொண்டே இருந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பது. தேடினேன், அகப்பட்டது. மார்ச் 6 தேதியிட்ட எங்கள் பில் ரூ.45,666, உங்கள் லெட்ஜரில் அது ரூ.46,566 என்று ஏறியிருக்கிறது. நீங்கள் எங்களுக்கு 900 ரூபாய் அதிகம் தர வேண்டியதுபோலக் காட்டுகிறது. அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் ஒரே பார்வையில் பார்க்க வசதியாக:

உங்கள் லெட்ஜர்படி 31-3-2025 அன்று: ரூ.2,94,430
கூட்டுக: மார்ச் 29 பில், சரக்கு ஏப்ரல் 2-ல் வந்தது: ரூ.87,320
கூட்டுக: ஏப்ரல் 2-ல் எங்களுக்குக் கிடைத்த காசோலை: ரூ.50,000
கூட்டுக: டேப் டெபிட் நோட், மார்ச்சில் எங்கள் கணக்கில் ஏறாதது: ரூ.12,980
கூட்டுக: தள்ளுபடியில் அதிகம் கழித்தது: ரூ.360
கழிக்க: மார்ச் 6 பில்லில் இலக்கம் மாறியது: ரூ.900
எங்கள் லெட்ஜர்படி 31-3-2025 அன்று: ரூ.4,44,190

இதிலிருந்து காசோலை ரூ.50,000, கிரெடிட் நோட் ரூ.11,682 இரண்டையும் கழித்தால் இன்றைய பாக்கி ரூ.3,82,508. உங்கள் லெட்ஜரில் ஏப்ரல் 2 கொள்முதலைச் சேர்த்தால் இன்று ரூ.3,81,750 வரும். இடையில் மிச்சமிருப்பது வெறும் ரூ.758. அந்த 360-ஐயும் 900-ஐயும் நீங்கள் திருத்திவிட்டால், நான்கு டேப்புக்கான ரூ.1,298 மட்டும்தான் நிற்கும். அது முடிவாகும்வரை அந்தத் தொகையை யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள், வசூல் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

திருத்திய லெட்ஜர் நகல், பிப்ரவரி 18 வங்கி வரவு வரி, இரண்டு கிரெடிட் நோட் எல்லாம் கூடவே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் இரண்டாம் நகலில் கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டு ஏப்ரல் 28-க்குள் அனுப்பிவையுங்கள், ஆண்டுக் கணக்குக்கு எங்கள் ஆடிட்டர் கேட்கிறார். ஏதாவது ஒரு வரி ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த வரியைச் சுழித்து அனுப்புங்கள், நானே புத்தகத்தோடு சங்கரன்கோவிலுக்கு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்காளர்,
விற்பனைக் கணக்குப் பிரிவு