ஓ.எல் ரிசல்ட்ஸ் பாத்திட்டன், குஞ்சு

கணிதத்துக்கு எஸ் தான் வந்திருக்கு. சி வரும் எண்டு எவ்வளவு நம்பி இருந்தனி, எனக்கும் மனசு கனக்குது. ஆனா கோபம் துளியும் இல்லையம்மா.

ரெண்டாம் பேப்பரில நேரம் போதாமல் ரெண்டு கேள்வி விட்டிட்டன் எண்டு அண்டைக்கே சொன்னனி. கேள்விக்கு 10 படி 20 புள்ளி அங்கயே போச்சு. உனக்குக் கணக்கு வராமலில்லை, நேரந்தான் பிழைச்சது.

மெத்ஸ் பிரிவுக்கு சி வேணும். மீள்பரிசீலனைக்குப் போடுவம். முடிவுத் திகதியைப் பரீட்சைத் திணைக்களத் தளத்தில நான் பாக்கிறன். கிடைக்காட்டி திரும்ப எழுதலாம். இண்டைக்கு ஒண்டும் முடிவெடுக்க வேண்டாம்.

ஆரும் கேட்டா என்னோட கதைக்கச் சொல்லு. 100 பஸ்ஸில நேர வீட்டுக்கு வா. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கு. அப்பாவுக்கு நான் சொல்லிட்டன்.