தாவரவியல் துறை நடத்திய மரபு நெல் கண்காட்சி: நிறைவு விழா நன்றியுரை

அனைவருக்கும் வணக்கம்.

விழாவிற்குத் தலைமை ஏற்றுள்ள மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சிறப்பு விருந்தினர், வேதாரண்யம் பகுதியின் மூத்த உழவர் ஐயா அவர்களே, துறைத்தலைவர் அம்மா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, விதையோடு வந்திருக்கும் உழவர்களே, என் உடன்பிறப்புகளான மாணவ மாணவியரே!

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கும்போது, முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். ‘லாபம்’ என்று சொல்லித்தான் அளக்கத் தொடங்குவார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போகும். இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். இன்று நன்றியை அளந்து கொடுக்கும் பொறுப்பு, மூன்றாமாண்டு மாணவியான எனக்குக் கிடைத்திருக்கிறது. நானும் அந்த முறையிலேயே தொடங்குகிறேன்.

லாபம் என்று சொல்லி அளக்கும் முதல் நன்றி, சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களுக்கு உரியது. காலை முதல் பேருந்தைப் பிடித்து, ஒரு தோளில் துண்டும் மறு தோளில் குடவாழை விதைநெல்லுமாக நம் வாசலுக்கு வந்தீர்கள். கடலோர உப்பு மண்ணைத் தாங்கி வளரும் நெல் அது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். இன்றுதான் அதைக் கையில் அள்ளிப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த அந்த இரவில், வீட்டு ஓடுகள் பறந்துகொண்டிருக்க, முதலில் விதைக்கோட்டையின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியதாகச் சொன்னீர்கள். ‘வீட்டை அப்புறம் கட்டிக்கலாம், இந்த விதையை எந்தக் கடையில வாங்குறது?’ என்று நீங்கள் கேட்டபோது அரங்கமே அமைதியானது. ஐயா, உங்கள் வருகைக்கும், அந்த ஒரு கேள்விக்கும், துறையின் சார்பில் எங்கள் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

விழாவிற்குத் தலைமை ஏற்றுச் சிறப்பித்த முதல்வர் அவர்களுக்கு எங்கள் பணிவான நன்றி. துறைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஐந்து சென்ட் நிலத்தில் நெல் விதைக்க அனுமதி கேட்டுச் சென்ற ஆண்டு விண்ணப்பம் கொடுத்தோம். ‘கல்லூரியில் வயலா?’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?’ என்றுதான் கேட்டார்கள். மறுவாரமே குழாய் இழுக்க ஏற்பாடு செய்தும் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் ஆவணியில் விதைத்த மாப்பிள்ளைச் சம்பாவைத்தான் தையில் அறுத்து, இன்று மேடையின் இருபுறமும் கதிர்க்கட்டுகளாக வைத்திருக்கிறோம்.

எங்கள் துறைத்தலைவர் அம்மா அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் நேற்று இரவெல்லாம் யோசித்தேன். நாற்றங்காலில் எங்களோடு காலை வைத்தவர்கள் அவர்கள். கதிர் வந்தபோது ஒவ்வொரு தூரிலும் எத்தனை சிம்பு என்று எங்களை எண்ண வைத்தவர்கள். எண்ணிக்கை தவறினால் திட்டமாட்டார்கள். ‘சரி, மறுபடி எண்ணு’ என்பார்கள், அவ்வளவுதான். அம்மா, உங்கள் வழிகாட்டலுக்கு மாணவர்கள் அனைவரின் சார்பிலும் உளமார்ந்த நன்றி. தோள் கொடுத்த பேராசிரியர்கள், ஆய்வக உதவியாளர், அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அடுத்து, பதினொரு உழவர் குடும்பங்கள். கண்காட்சியில் நீங்கள் பார்த்த 42 நெல் வகைகளும் அவர்கள் தந்தவை. கருப்புக்கவுனி, பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச்சம்பா, அறுபதே நாளில் விளையும் அறுபதாம் குறுவை, யானையும் மறையும் உயரம் வளர்வதால் காட்டுயானம் என்று பெயர் பெற்ற நெல் என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுருக்குப்பையில் கட்டி, பெயர்ச்சீட்டு எழுதித் தந்தார்கள். வாடகையாக ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லும்போது, மறைந்த நெல் ஜெயராமன் ஐயாவை நினைக்காமல் இருக்க முடியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டவர் அவர். கஜா அடித்துச் சில வாரங்களில், 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் பிரிந்தார். இரண்டு கிலோ விதை வாங்கிச் செல்பவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்தத் திருவிழாவின் வழக்கம். இங்கு வந்துள்ள உழவர்களில் பலர் அப்படி வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தவர்கள். அவர்களை வணங்கி நன்றி கூறுகிறோம்.

மதிய உணவு சமைத்துத் தந்த மகளிர் சுயஉதவிக் குழு அம்மாக்களுக்கு நன்றி. விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டி, 350 பேருக்குப் பூங்கார் கஞ்சியும், சீரகச்சம்பாச் சோறும், கருப்புக்கவுனிப் பாயசமும் பரிமாறினார்கள். கவுனியை முதல் நாள் இரவே ஊற வைக்காவிட்டால் வேகாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. மூன்றாவது பந்தியிலும் அதே சூடு, அதே சிரிப்பு. மனமார்ந்த நன்றி, அம்மா.

மேடையில் பெயர் வராத ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். கார்த்திகை மழையில் எங்கள் வயலில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. கல்லூரிக்கு விடுமுறை, நாங்கள் யாரும் இல்லை. நம் இரவுக் காவலர் அண்ணன்தான் கையில் மண்வெட்டியும் தலையில் சாக்குமாக நடுநிசியில் இறங்கி, வரப்பை வெட்டி வடிகால் திறந்துவிட்டார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுவாரம் வெட்டிய வரப்பைப் பார்த்துக் கேட்டபோதுதான், ‘பயிர் மூழ்குனா மனசு கேக்குமாம்மா?’ என்றார். அண்ணன் இப்போது அரங்கின் கடைசி வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். இந்தக் கதிர்க்கட்டுகள் இங்கே இருப்பதற்கு நீங்களே காரணம், அண்ணா. துறையின் சார்பில் உங்களுக்கு எங்கள் சிறப்பான நன்றி. (அரங்கத்தினர் கைதட்டலாம்.)

ஒலி, ஒளி அமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள், செய்தி சேகரிக்க வந்துள்ள பத்திரிகையாளர்கள், அரங்கைத் துப்புரவு செய்த பணியாளர்கள், வாசலில் இரண்டு நாளாக அரிசி மாவில் கோலமிட்ட முதலாமாண்டு மாணவியர், விதைப்பைகளுக்குக் காவல் இருந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. காலை முதல் இருக்கையை விட்டு எழாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி.

சிறப்பு விருந்தினர் ஐயா, நீங்கள் எங்களுக்குத் தந்த இரண்டு கிலோ குடவாழையைத் துறையின் பதிவேட்டில் கடனாகவே எழுதியிருக்கிறோம். இரண்டாமாண்டு மாணவர்கள் ஆவணியில் அதை விதைப்பார்கள். அடுத்த தையில் நான்கு கிலோவாக உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து அளப்போம். அன்றும் முதல் மரக்காலை ‘லாபம்’ என்றே சொல்வோம்.

நன்றி, வணக்கம். நாட்டுப்பண்ணிற்காக அனைவரும் எழுந்து நிற்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.