எந்த வேதாகமம்? ஞாயிறு வாலிபர் வகுப்புப் பாடம்

தம்பி, தங்கச்சிகளா, சங்கீதம் 23:1-ஐ எடுங்கள். நம் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று இருக்கும். இன்று கேட்டால், 'என்னை யாரும் கீழே தள்ள முடியாது' என்றுதான் பாதிப் பேர் சொல்வீர்கள். எபிரெயச் சொல்லுக்குப் பொருள் 'குறைவுபடேன்'. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'எனக்கேதும் குறையில்லை' என்று பளிச்சென்று புரிகிறது.

அப்போ பழையதை மூட்டை கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஆமோஸ் 4:6-இல் எபிரெயம் சொல்வது 'பற்களின் சுத்தம்'. சாப்பிட ஒன்றுமில்லை, அதனால் பல்லில் ஒட்டவும் ஒன்றுமில்லை! 'பஞ்சம்' என்று எளிதாக்கினால் பொருள் கிடைக்கும். தீர்க்கதரிசியின் குத்தல் போய்விடும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன் பலன் அங்கேதான். எளிய பெயர்ப்பில், பல பொருளுக்கு இடமுள்ள வசனத்திலும் மொழிபெயர்ப்பாளரே ஒன்றைத் தேர்ந்து தந்துவிடுகிறார்.

இந்த இழுபறி நம் ஊருக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டை அன்றே சரளமான தமிழில் பெயர்த்தார். பிற்பாடு நடந்த திருத்த வேலையில் இடையன்குடி கால்டுவெல் ஐயருக்கும் பங்குண்டு.

தனியாகப் படிக்க என் யோசனை: ஒரு நிருபத்தையோ சரித்திரப் புத்தகத்தையோ முதலில் எளிய பெயர்ப்பில் ஒரே மூச்சாக வாசியுங்கள். அப்புறம் பழையதில் வசனம் வசனமாக. இரண்டும் முட்டும் இடத்தில் பென்சில் கோடு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பழையது எப்படியும் வீட்டில் இருக்கும், எளியதை வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறுக்கு ரூத், நான்கு அதிகாரமும். பென்சிலோடு வாருங்கள்.