அக்டோபர் மாத அறிக்கை: வாடகை, பழுதுபார்ப்பு, காலி வீடு

வணக்கம் சார்,

எட்டு வீடுகளில் ஏழில் ஆள் இருக்கிறார்கள். ஆறு வீடுகளிலிருந்து தலா 12,000 முழுதாக வந்துவிட்டது. 3ஆம் எண் வீட்டுக்காரர் பாதிதான் கொடுத்தார். மீதி 6,000ஐ 10ஆம் தேதிக்குள் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு வருடத்தில் இதுதான் முதல் தாமதம், அதனால் நெருக்கவில்லை. மொத்த வரவு 78,000.

பெரிய செலவு 5ஆம் எண் வீட்டுக் குளியலறைக் கசிவு. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்ததை வைத்துத்தான் தெரிந்தது. முதலில் வந்த பிளம்பர் குழாயை மட்டும் மாற்றினார். மூன்றே நாளில் மறுபடி ஈரம். அப்புறம் தரை ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால், வடிகால் இணைப்பே விட்டுப்போயிருந்தது. முதல் ஆளின் கூலியும் சேர்த்து 7,200. வடிகாலிலும் கோளாறு இருக்கலாம் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். கூரைக்கு வண்ணம் பூசுவது பாக்கி, நன்றாகக் காயட்டும்.

தண்ணீர் மோட்டார் காயில் மாற்ற 4,800, பொது மின்கட்டணம் 1,900, என் கட்டணம் 5 சதவீதம், அதாவது 3,900. எல்லாம் போக 60,200ஐ உங்கள் கணக்கில் போட்டுவிட்டேன். ரசீதுகள் இணைப்பில்.

6ஆம் எண் வீடு இரண்டாவது மாதமாகக் காலி. நான்கு பேர் பார்த்தார்கள், மூவர் சமையலறை அலமாரியைக் குறை சொன்னார்கள். வாடகையைக் குறைப்பதைவிட அலமாரியை மாற்றுவது மேல். 9,000 ஆகும். சரி என்றால் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நிர்வாகி